அடிக்கோட்டுக்கு 37 கமெண்ட்

எங்கள் டீமில் ஒரு வேரியபிளின் பெயருக்காக இரண்டு நாள் சண்டை நடந்தது. ஜாவாவில் பல வருடம் எழுதிவிட்டுப் பைதானுக்கு வந்த ஒருவர் `refundAmt` என்று வைத்திருந்தார். பைதானைத் தவிர வேறொன்றும் தொடாத இன்னொருவர் ரிவ்யூவில் ஒரு வரி போட்டார்: "இது `refund_amt`னு இருக்கணும் ப்ரோ." அவ்வளவுதான். ஒருவர் பெப் 8 ஆவணத்தின் இணைப்பைக் கொண்டுவந்து போட்டார். இன்னொருவர், பைதானின் சொந்த `unittest`டிலேயே `setUp`, `assertEqual` என்றுதானே இருக்கிறது என்று மடக்கினார். அது ஜாவாவின் ஜேயூனிட்டைப் பார்த்து எழுதப்பட்டது, பழசு, அதனால் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. எந்த வடிவத்தைக் கண் வேகமாகப் படிக்கிறது என்று 2009லும் 2010லும் வந்த இரண்டு ஆய்வுகளை எடுத்துப் போட்டேன். அவை இரண்டும் ஒன்றுக்கொன்று முழுசாக ஒத்துப்போகவில்லை என்பதால் இரண்டு கட்சிக்கும் அது வசதியாகப் போயிற்று.

மொத்தம் 37 கமெண்ட். கடைசியில் பாம்பு ஜெயித்தது, ஒட்டகம் தோற்றது. பெயர் `refund_amt` ஆனது. கோட் மெர்ஜ் ஆனது. எல்லோருக்கும் ஏதோ தரமான வேலை செய்துவிட்ட நிம்மதி.

அந்த 37இல் ஒன்றுகூட, "அது சரி, இந்த `amt` ரூபாயா பைசாவா?" என்று கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து கஸ்டமர் சப்போர்ட்டில் இருக்கும் தங்கை ஒருத்தி என் மேசைக்கு வந்து நின்றாள். "அண்ணா, ஒருத்தர் போன்ல கத்துறார். 499 ரூபா ரீஃபண்ட் கேட்டாராம். நாலு ரூபா தொண்ணூத்தொம்போது பைசா வந்திருக்காம். கிண்டல் பண்றீங்களானு கேக்குறார். ஆனா என் ஸ்கிரீன்ல 499னுதான் காட்டுது."

கோட் இதுதான். ரிவ்யூவில் பாஸ் ஆன, அடிக்கோடெல்லாம் சரியாக இருக்கிற கோட்:

```python
def get_refund(order):
    refund_amt = order.amount
    gateway.refund(order.payment_id, refund_amt)
    return refund_amt
```

எங்கள் டேட்டாபேஸில் `amount` என்பது ரூபாய். பேமென்ட் கேட்வேக்கு எல்லாத் தொகையையும் பைசாவில் அனுப்ப வேண்டும். புள்ளி வைத்த எண்களில் பணத்தைக் கையாண்டால் எங்காவது ஒரு பைசா வழுக்கிவிடும் என்பதால் பல கேட்வேக்கள் நாணயத்தின் மிகச் சிறிய அலகில், முழு எண்ணாகத்தான் வாங்கிக்கொள்கின்றன. பணம் வசூலிக்கும் இடத்தில் யாரோ நூறால் பெருக்கியிருந்தார்கள். அது வேறு ஃபைல். ரீஃபண்ட் எழுதியவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி எந்தப் பெயரும் அவரைத் தடுத்து நிறுத்தவும் இல்லை. 499 என்ற எண் கேட்வேக்குப் போனது. கேட்வே அதை 499 பைசா என்று படித்தது. அதே 499 திரும்பி வந்து சப்போர்ட் திரையில் ரூபாய்க் குறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒரே எண், ஒரே பெயர், இரண்டு இடத்தில் இரண்டு அர்த்தம். எங்கும் எரர் இல்லை. லாகில் வரிசையாக 'சக்சஸ்'.

கேட்வேயின் கணக்கைத் திறந்து பார்த்தபோதுதான் அடுத்த அடி விழுந்தது. கத்தியவருக்கு 4.99 ஒரு முறை போகவில்லை, நான்கு முறை போயிருந்தது. மொத்தம் 19 ரூபாய் 96 பைசா. நேரங்களை ஒப்பிட்டோம். முதலாவது, ரீஃபண்ட் பட்டனை அழுத்திய நேரம். மற்ற மூன்றும், அவர் போன் செய்த ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் அவருடைய பக்கத்தைத் திறந்த நேரம். சப்போர்ட் பக்கத்தை எழுதியவர், 'ரீஃபண்ட் எவ்வளவு' என்று காட்டுவதற்கு ஒரு ஃபங்ஷன் தேடியிருக்கிறார். `get_refund` கிடைத்திருக்கிறது. பெயரைப் படித்தார், நம்பினார், கூப்பிட்டார். எழுதியவர் மனதில் அது 'ரீஃபண்டை வாங்கிக் கொடு'. படித்தவர் மனதில் அது 'ரீஃபண்ட் தொகையைக் கொண்டுவா'. ஒரு ரீஃபண்டைத் துண்டு துண்டாக அனுப்ப கேட்வே அனுமதிக்கும், மொத்தம் 499ஐத் தாண்டாதவரை. எனவே அதுவும் ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக அனுப்பியது. அதிகம் கத்தியவருக்கு அதிகம் பணம்.

இந்தக் கதையில் யாரும் முட்டாள் இல்லை. எனக்குக் கோபம் அந்த 37 கமெண்ட் மேல்தான், அதில் என்னுடைய ஐந்தாறும் அடக்கம். நாங்கள் பெயரைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த மனிதர்களை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒருவர் ஃபேஸ்புக்கில் கவிதை போடுவார். கீழே முதல் கமெண்ட்: "இங்கே ஒற்று மிகும்." இரண்டாவது கமெண்ட்: "மிகாது." நாற்பது கமெண்ட் தாண்டியும் கவிதை என்ன சொல்கிறது என்று ஒரு ஆள் வாய் திறந்திருக்க மாட்டார். ஒற்றுப் போடுவது முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. அது சட்டத்தால் தீர்ந்துபோகிற விஷயம், தீர்ந்ததும் அடுத்ததற்குப் போக வேண்டும். கேமல் கேஸ், ஸ்னேக் கேஸ் எல்லாம் கோடின் ஒற்று மிகுதல்.

சட்டம் என்ன என்பதைச் சொல்ல ஒரு பத்தி போதும். ஒரு பெயருக்குள் இடைவெளி விட முடியாது. விட்டால் கம்ப்யூட்டர் அதை இரண்டு பெயராகப் படிக்கும். ஆகவே சொற்களின் எல்லையை வேறு விதமாகக் காட்ட வேண்டும். அடிக்கோடு போட்டால் ஸ்னேக், அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக்கினால் கேமல். பைதானில் ஃபங்ஷனும் வேரியபிளும் `send_refund` மாதிரி, கிளாஸ் `RefundRequest` மாதிரி, மாறாத மதிப்பு `MAX_RETRIES` மாதிரி. ஜாவா, ஜாவாஸ்கிரிப்டில் ஃபங்ஷனும் வேரியபிளும் `sendRefund`. எந்த மொழியில் எழுதுகிறீர்களோ அந்த ஊர் வழக்கம். இதைச் சரிபார்க்க லின்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. அதை கோட் மெர்ஜ் ஆகும் வழியில் கட்டிவிட்டால் அதுவே தப்பைப் பிடித்துத் திருப்பி அனுப்பும். மனிதன் ஒரு கமெண்ட் கூடச் செலவழிக்க வேண்டியதில்லை.

இந்த வடிவங்களுக்குள் ஏதோ புனிதம் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய தகவல். 1963இல் வந்த முதல் ஆஸ்கி எழுத்து வரிசையில் அடிக்கோடு என்ற குறியே கிடையாது. இன்று அடிக்கோடு இருக்கும் இடத்தில் அன்று இடப்பக்கம் பார்க்கும் ஓர் அம்பு இருந்தது. 1967 திருத்தத்தில்தான் அம்பு போய் அடிக்கோடு வந்தது. ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் ஆல்டோ இயந்திரத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பழைய அம்புதான் இருந்தது. ஸ்மால்டாக்கில் அதை மதிப்பு கொடுக்கும் குறியாகப் பயன்படுத்தினார்கள். அடிக்கோடு இல்லாத ஊரில் பெரிய எழுத்தால் சொற்களைப் பிரித்தது கேமல் கேஸ் பரவியதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரு கீபோர்டில் ஒரு பட்டன் இருந்ததா இல்லையா என்பதற்காகத்தான் நாம் இரண்டு நாள் அடித்துக்கொண்டோம்.

இன்னும் கிட்டத்தில் ஒரு சாட்சி வேண்டுமென்றால், தமிழில் கேமல் கேஸ் எழுதிப் பாருங்கள். முடியாது. தமிழ் எழுத்தில் பெரிசும் இல்லை சிறிசும் இல்லை. பைதான் 3இல் தமிழிலேயே வேரியபிளுக்குப் பெயர் வைக்கலாம், ஓடும். ஆனால் அடிக்கோடு மட்டும்தான் வழி:

```python
திருப்பித்_தரும்_பைசா = 49900
```

கோ மொழியில் இதற்கும் வழியில்லை. அங்கே ஒரு பெயரில் எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் மட்டுமே வரலாம். புள்ளியையும் கொம்பையும் துணைக்காலையும் யூனிகோடு தனி எழுத்து என்று கணக்கில் எடுப்பதில்லை, ஒட்டுக்குறி என்று வைத்திருக்கிறது. ஆகவே 'பைசா' அங்கே செல்லாது. போதாததற்கு, கோவில் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்தான் பேக்கேஜுக்கு வெளியே தெரியும். தமிழ்ப் பெயர் எப்படியோ உள்ளே போனாலும் வெளியே எட்டிப்பார்க்க முடியாது. (பைதானில் இன்னொரு வேடிக்கை உண்டு. மேலே உள்ளதை நீங்கள் ஒற்று விட்டு `திருப்பி_தரும்_பைசா` என்று கூப்பிட்டால் `NameError` வரும். ஒற்றுப் பிழைக்கு நிரலே நிற்கும். ஃபேஸ்புக் கமெண்ட்காரர்களின் சொர்க்கம் அதுதான்.)

கேஸ் உண்மையிலேயே கடிக்கும் ஓர் இடம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பின்னால் பைதான், முன்னால் ஜாவாஸ்கிரிப்ட் என்று இருக்கும் இடங்களில் எல்லையில் ஒரு மாற்றி உட்கார்ந்து ஸ்னேக்கைக் கேமலாகவும் கேமலை ஸ்னேக்காகவும் தானாக மாற்றும். போகும்போது சரியாகப் போனது வரும்போது வேறாக வரும்:

```
address_line_1  ->  addressLine1  ->  address_line1
```

இலக்கத்துக்குப் பெரிய எழுத்து கிடையாது. எனவே கேமலில் அந்த இடைவெளி தொலைந்துபோகிறது, திரும்பும்போது எங்கே பிரிப்பது என்று மாற்றிக்குத் தெரியாது. முகவரியின் முதல் வரி சத்தமில்லாமல் காலியாகச் சேமிக்கப்படும். `userID` என்று எழுதினால் சில மாற்றிகள் `user_i_d` என்று கொத்திவிடும். ஆகவே இலக்கத்துக்கு முன்னால் அடிக்கோடு வேண்டாம், சுருக்கச் சொல்லையும் சாதாரணச் சொல் மாதிரி `userId` என்று எழுதுங்கள். கோ மொழிக்காரர்கள் மட்டும் `userID` என்றே எழுதச் சொல்வார்கள், அது அவர்கள் ஊர். பிரவுசரில் பல வருடமாக இருக்கும் `XMLHttpRequest`டைப் பாருங்கள். ஒரே பெயரில் ஒரு சுருக்கம் முழுசாகப் பெரிய எழுத்து, அடுத்தது பாதி. உலகம் பூராவும் அதை அப்படியே டைப் செய்துகொண்டிருக்கிறது. வழக்கம் தேவை என்பதற்கு இதுவே போதும். ஆனால் இது எதுவும் அந்த மனிதருக்குப் போகவேண்டிய 479 ரூபாய் 4 பைசாவைக் கொண்டுவராது.

அதைக் கொண்டுவந்திருக்கக்கூடியது இது:

```python
def send_refund(order):
    amount_paise = order.amount_rupees * 100
    gateway.refund(order.payment_id, amount_paise)
    return amount_paise
```

எங்கள் விலைகள் எல்லாம் முழு ரூபாய். அதனால் நூறால் பெருக்கினால் போதும். இங்கே என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். பெருக்கலை மறந்துவிட்டு யாராவது `amount_paise = order.amount_rupees` என்று எழுதினால், கேட்வே பற்றி எதுவுமே தெரியாத ஒருவருக்குக்கூட அந்த வரி கண்ணை உறுத்தும். இடப்பக்கம் பைசா, வலப்பக்கம் ரூபாய், நடுவில் சமக்குறி. தவறைக் கண்டுபிடிக்க வேறு ஃபைலைத் திறக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வரிக்குள்ளேயே அது தெரிகிறது. அதேபோல் `send` என்ற சொல்லைப் பார்த்தபின் ஒரு பக்கத்தைக் காட்டுவதற்காக அதை எவரும் கூப்பிடமாட்டார்கள். `get` என்றால் எத்தனை முறை கூப்பிட்டாலும் உலகில் எதுவும் மாறாது என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டு 'டாக்குமென்டேஷன்ல போட்டிருந்தேனே' என்பது அயோக்கியத்தனம்.

இந்த யோசனை புதிதல்ல. சார்லஸ் சிமோனி என்பவர் 'ஹங்கேரியன்' என்ற பெயரிடும் முறையைக் கொண்டுவந்தார். அவர் உத்தேசித்தது, ஒரு மதிப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பெயரின் முன்னொட்டில் சொல்வது. வரிசை எண்ணா, பத்தி எண்ணா என்கிற மாதிரி. இரண்டுமே முழு எண்தான், கம்பைலருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வரிசையில் பத்தியைக் கூட்டினால் அது அபத்தம், பெயர் அதைக் காட்டிக்கொடுக்கும். பின்னால் வந்தவர்கள் 'வகை' என்பதை டேட்டா டைப் என்று புரிந்துகொண்டு முழு எண்ணுக்கெல்லாம் `i`, ஸ்ட்ரிங்குக்கெல்லாம் `str` என்று ஒட்ட ஆரம்பித்தார்கள். கம்பைலருக்கே தெரிந்ததை மறுபடி எழுதுவதால் என்ன பயன்? முறையே கேலிக்கு ஆளானது. 2005இல் ஜோயல் ஸ்போல்ஸ்கி ஒரு கட்டுரை எழுதி, தவறான கோட் தவறாகவே கண்ணுக்குத் தெரிய வேண்டும், சிமோனியின் மூல யோசனை அதைத்தான் செய்தது என்று வாதாடினார். அவர் சொன்னதை நம்மில் பலர் இன்னும் கேட்கவில்லை.

பணத்தை விடுங்கள், நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பைதானில் `time.sleep(5)` என்றால் ஐந்து விநாடி. ஜாவாஸ்கிரிப்டில் `setTimeout(f, 5)` என்றால் ஐந்து மில்லிவிநாடி. இரண்டையும் ஒரே நாளில் எழுதுகிற ஒருவர் ஒரு செட்டிங் ஃபைலில் `timeout = 30` என்று வைத்தால், அது அரை நிமிடமா கண் இமைக்கும் நேரமா? `timeout_seconds` என்று எட்டு எழுத்து கூடுதலாக டைப் செய்திருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். "பேரு நீளமா இருந்தா கோட் அசிங்கமா இருக்கு." மூன்று வரி லூப்புக்குள் `i` என்று வையுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? அது பிறந்து மூன்று வரியில் செத்துப்போகிறது. ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலுக்குப் பயணம் போகும் பெயர்தான் தன் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். "கமெண்ட்ல எழுதிட்டேனே." கமெண்ட் எழுதிய இடத்திலேயே நிற்கும். பெயர்தான் கூப்பிடும் இடமெல்லாம் போகும். சப்போர்ட் பக்கம் எழுதியவர் `get_refund` உள்ளே என்ன கமெண்ட் இருக்கிறது என்று திறந்தே பார்க்கவில்லை. "கான்டெக்ஸ்ட்ல புரியும்." எழுதியவருக்குப் புரியும், இன்று மாலை வரை.

ஒரே ஒரு எதிர்வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன்: பெயரைக் கம்ப்யூட்டர் படிப்பதில்லை. `amount_paise` என்று எழுதிவிட்டு அதற்குள் ரூபாயைப் போட்டால் அது தடுக்காது. பொய் சொல்லும் பெயர் ஒன்றும் சொல்லாத பெயரைவிட மோசம், `get_refund` அதற்கு உதாரணம். பணம் மாதிரியான இடங்களில் ரூபாய்க்கு ஒரு டைப், பைசாவுக்கு ஒரு டைப் என்று தனித்தனியாக வைத்தால் இயந்திரமே சண்டைக்கு வரும். செய்யலாம், நாங்களும் பாதி செய்திருக்கிறோம். ஆனால் அந்த டைப்புகளுக்கும் ஒரு பெயர் வைத்துத்தான் ஆக வேண்டும்.

அந்த மனிதருக்கு மிச்சப் பணம் போய்விட்டது. அவரைப்போல இன்னும் பலருக்கும். ஃபங்ஷன் பெயரை எடிட்டரின் ரீநேம் வசதியால் மாற்றியது இரண்டு நிமிட வேலை. ஸ்ட்ரிங்குக்குள் ஒளிந்திருந்த இரண்டு இடங்களை மட்டும் கையால் தேடிப் பிடித்தோம். கோடுக்குள் `amount_rupees` வந்துவிட்டது. ஆனால் டேட்டாபேஸில் அந்தப் பத்தியின் பெயர் இன்னும் வெறும் `amount`தான். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவுக்குப் போகும் ஓர் எக்ஸெல் அந்தப் பெயரை நம்பித்தான் ஓடுகிறதாம். அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எந்த மெஷினில் ஓடுகிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.